ரெக்கார்டு நோட்டிலிருந்து ரெஸ்யூமே வரை: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர் டிரெய்னி வேலைக்கு விண்ணப்பிக்கும் முறை

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் பக்கத்து மெஷினிங் கம்பெனிகள் புதிதாக ஆள் எடுக்கும்போது, ‘டிப்ளமோ எஞ்சினியர் டிரெய்னி’ என்றோ, ‘டிப்ளமோ அல்லது பி.இ.’ என்றோ விளம்பரம் போடுவார்கள். இரண்டாவது வகை விளம்பரத்துக்கு இரண்டு தரப்பு ரெஸ்யூமேயும் ஒரே மேஜையில் போய் விழும். அங்கேதான் சிக்கல். டிப்ளமோ முடித்தவர் பெரும்பாலும் பி.இ. படித்த அண்ணன் யாரிடமாவது ஒரு ரெஸ்யூமே வாங்கி, பெயரை மாற்றி அனுப்பிவிடுகிறார். மேலே ‘குறிக்கோள்’ என்று நாலு வரி, கீழே படித்த பாடங்களின் பட்டியல், அதற்கும் கீழே ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்’. அந்த அச்சில் ஊற்றினால் டிப்ளமோ என்பது குறைவாகப் படித்த பி.இ. மாதிரிதான் தெரியும். மூன்று வருடம் லேத்தின் முன்னால் நின்றது எங்கேயும் தெரியாது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகை வேலையை மனதில் வைத்து எழுதப்பட்டது: மெஷின் ஷாப்பில் புரொடக்ஷன் அல்லது குவாலிட்டி பிரிவில் டிரெய்னி. சிவில், எலக்ட்ரிக்கல் படித்தவர்களும் முறையை எடுத்துக்கொள்ளலாம். உதாரணங்களை அவரவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ரயில்வே ஜூனியர் எஞ்சினியர் போன்ற எழுத்துத் தேர்வு வேலைகளுக்கு இதில் சொல்வது எதுவும் உதவாது. அங்கே மதிப்பெண்தான் பேசும்.

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள்

வேலையின் பெயரைவிட அதற்குக் கீழே எழுதியிருக்கும் வேலை விவரம்தான் முக்கியம். ‘டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும், வெர்னியர், மைக்ரோமீட்டர் கையாள வேண்டும், ஷிஃப்ட்டில் வர வேண்டும்’ என்று இருந்தால் அது உங்களுக்கான இடம். ‘டிசைன் கணக்கீடு, ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்’ என்று இருந்தால், ‘டிப்ளமோவும் விண்ணப்பிக்கலாம்’ என்று போட்டிருந்தாலும், அங்கே உங்கள் கையில் இருக்கும் சரக்குக்கு விலை குறைவு. அனுப்பவே கூடாது என்பதில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆன்லைன் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘டிப்ளமோ’ என்பதையே தேர்ந்தெடுங்கள். வடிகட்டலில் தப்பிக்கலாம் என்று ‘பட்டதாரி’யைச் சொடுக்குபவர்கள் உண்டு. இன்டர்வியூ வரை போய், சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் திரும்பி வருவார்கள். அதே கம்பெனியில் அடுத்த முறை அழைப்பு வருவதும் கஷ்டம்.

ரெக்கார்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் ரெஸ்யூமேக்கான கச்சாப்பொருள் மார்க் ஷீட்டில் இல்லை. ஒர்க்ஷாப் ரெக்கார்டு, மெட்ராலஜி லேப் ரெக்கார்டு, சிஎன்சி லேப் ரெக்கார்டு ஆகிய மூன்றிலும் இருக்கிறது. மூன்றையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு எக்ஸர்சைஸுக்கும் ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மெஷின், எந்த மெட்டீரியல் எந்த அளவில், டிராயிங்கில் இருந்த முக்கிய அளவும் அதன் டாலரன்ஸும், எந்தக் கருவியால் அளந்தீர்கள், கடைசியில் வந்த அளவு என்ன.

ஐந்தாவதை எழுதும்போதுதான் பலருக்கும் பேனா நிற்கும். பல ரெக்கார்டுகளில் ரீடிங் என்பது சீனியர் நோட்டிலிருந்து இறங்கி வந்த எண். உங்களுடையதும் அப்படி என்றால் அந்த எண்ணைத் தொடவே வேண்டாம். லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு, காலியாக இருக்கும் ஒரு மதியம் அந்த ஜாபை மறுபடி ஓட்டி, நீங்களே அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள். கல்லூரியை விட்டு வந்துவிட்டீர்கள், அதற்கு வழியில்லை என்றால் டிராயிங் டாலரன்ஸை மட்டும் எழுதி, கிடைத்த அளவை விட்டுவிடுங்கள். புனைந்த எண் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். 0.01 மி.மீ லீஸ்ட் கவுன்ட் உள்ள மைக்ரோமீட்டரால் அளந்ததாகச் சொல்லிவிட்டு, பழைய காலேஜ் லேத்தில் 0.005 மி.மீ துல்லியம் எடுத்தேன் என்று எழுதினால், எதிரே இருப்பவர் அதற்குமேல் படிக்க மாட்டார்.

செய்த ஜாப்களை ஸ்கிராப்புக்குப் போடும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்தில் வெர்னியரையோ ஸ்டீல் ஸ்கேலையோ வைத்து எடுத்தால் அளவு புரியும். இதை ரெஸ்யூமேயில் ஒட்ட வேண்டியதில்லை. கேட்டால் காட்டுவதற்கு.

ஒரே ஒரு ஜாபை முழுசாக எடுத்துப் பார்ப்போம்

பெரும்பாலான பாலிடெக்னிக்குகளில் செய்யும் ஸ்டெப்–டேப்பர் டர்னிங்கையே எடுத்துக்கொள்வோம். Ø32 மி.மீ, 85 மி.மீ நீளமுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பி. அதன் ஒரு முனையிலிருந்து 60 மி.மீ நீளத்துக்கு Ø24 ஆகக் குறைக்க வேண்டும், டாலரன்ஸ் ±0.05. அந்த 60-இல் வெளிமுனைப் பக்கத்து 30 மி.மீ, Ø24-லிருந்து Ø18-க்கு டேப்பராக இறங்க வேண்டும்.

ரெஸ்யூமேயில் இது ஒரே வரி. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் நீங்கள் சொல்லக்கூடியது நாலு விஷயமாவது இருக்க வேண்டும். அதைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை.

முதலாவது, ஸ்பீடு. ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் மைல்ட் ஸ்டீலை வெட்ட நிமிடத்துக்கு 25 மீட்டர் கட்டிங் ஸ்பீடு என்று எடுத்துக்கொண்டால்,

```
N = 1000 × V / (π × D) = 1000 × 25 / (3.14 × 32) ≈ 249
```

லேத்தில் 250-க்குப் பக்கத்தில் கீழே எந்த ஸ்பீடு இருக்கிறதோ அதை வைத்திருப்பீர்கள். கியர் லீவரை இன்ஸ்ட்ரக்டர் போட்டுக் கொடுத்தார் என்பதுதான் நடந்தது என்றாலும், ஏன் அந்த ஸ்பீடு என்று இப்போது கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள். விட்டம் 24 ஆனதும் அதே கட்டிங் ஸ்பீடுக்கு N எவ்வளவு என்பது அடுத்த கேள்வியாக வரும். ஏறக்குறைய 330.

இரண்டாவது, கட்டை எப்படிப் பிரித்தீர்கள் என்பது. 32-லிருந்து 24-க்கு வர விட்டத்தில் 8 மி.மீ குறைய வேண்டும், அதாவது டூல் உள்ளே போக வேண்டியது 4 மி.மீ. ஒரு மி.மீ ஆழத்தில் மூன்று ரஃப் கட், பிறகு 0.75, கடைசியில் 0.25 ஃபினிஷ் கட். மாணவர்கள் இங்கேதான் அதிகமாக ஜாபைக் கெடுப்பது. கிராஸ் ஸ்லைடு டயல் சில லேத்துகளில் டூல் நகரும் தூரத்தைக் காட்டும், சிலவற்றில் விட்டத்தில் குறைவதைக் காட்டும். ஒரு கோடு 0.05 மி.மீ நகர்வு என்றிருக்கும் டயலில், கடைசி 0.25-க்கு ஐந்து கோடு போதும். அதை விட்டக் கணக்கு என்று நினைத்து, அரை மி.மீ குறைய வேண்டுமே என்று பத்து கோடு திருப்பினால் விட்டம் ஒரு மி.மீ குறைந்து 23.5-இல் நிற்கும். ஜாப் அவ்வளவுதான். உங்கள் லேத் எந்த வகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு பேக்லாஷும் உண்டு. அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டால் ஹேண்டிலை இரண்டு கோடு மட்டும் பின்னால் திருப்பிப் பயனில்லை. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள தளர்ச்சியில் அந்த இரண்டு கோடும் கரைந்துபோகும், டூல் அசைந்தே இருக்காது. அரைச் சுற்று பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் கோட்டில் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, டேப்பர். காம்பவுண்ட் ரெஸ்ட்டைச் சாய்க்க வேண்டிய கோணம்:

```
tan α = (24 − 18) / (2 × 30) = 0.1      α = 5°43'
```

காம்பவுண்ட் ரெஸ்ட்டின் அடியில் உள்ள கோடுகள் ஒரு டிகிரிக்கு ஒன்று. 43 நிமிடத்தைக் கண்ணால்தான் வைக்க முடியும். 5°45' என்று வைத்திருந்தால் சின்ன முனை 17.96 வரும், பரவாயில்லை. சரி, 6 டிகிரி என்று முழுசாக வைத்துவிட்டால்? 17.69. அதனால்தான் இந்த ஜாபில் Ø18-க்கு ±0.05 கேட்க முடியாது; கேட்டால் சைன் பாரும் டயல் கேஜும் வைத்து செட் செய்ய வேண்டும். இப்படி ஒரு டாலரன்ஸ் ஏன் தளர்வாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த டிரெய்னியை ஷாப் ஆட்கள் உடனே கவனிப்பார்கள். பி.இ. படித்தவரும் இந்த சூத்திரத்தைச் சொல்வார். காம்பவுண்ட் ரெஸ்ட்டின் கோடு எவ்வளவு தடிமன் என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள்.

நாலாவது, என்ன கெட்டது, எப்படித் தெரிந்தது. ஃபேசிங் செய்யும்போது நடுவில் ஒரு மொட்டு நின்றதா? டூல் சென்டர் ஹைட்டில் இல்லை. டேப்பர் போடுவதற்கு முன், Ø24 நேராக இருக்க வேண்டிய இடத்தில் சக்கின் பக்கம் 23.97, வெளிமுனையில் 24.02 என்று வந்ததா? டெய்ல்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள். வெளிமுனை டூலின் அழுத்தத்தில் வளைந்து விலகுகிறது, அங்கே குறைவாக வெட்டுகிறது, விட்டம் பெரிதாக நிற்கிறது. அதுவே டெய்ல்ஸ்டாக் சென்டர் தாங்கியிருந்தும் அந்த முனை சிறிதாக வந்தால், டெய்ல்ஸ்டாக் நீங்கள் நிற்கும் பக்கமாக விலகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தாலே பத்து நிமிட இன்டர்வியூ உங்கள் கைக்கு வந்துவிடும்.

இதே மாதிரி மூன்று ஜாப்களைத் தயார் செய்தால் போதும். டர்னிங்கில் ஒன்று, மில்லிங் அல்லது ஷேப்பரில் ஒன்று, சிஎன்சியில் ஒன்று. பன்னிரண்டு எக்ஸர்சைஸையும் மேலோட்டமாகச் சொல்பவரைவிட மூன்றை அடி வரை சொல்பவர் மேல்.

இதை ரெஸ்யூமேயில் எழுதுவது

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஒரு பக்கம் போதும். பெயர், போன், ஊர். அதற்கு அடுத்த வரியிலேயே ‘டிப்ளமோ இன் மெக்கானிக்கல் எஞ்சினியரிங், இந்த ஆண்டு, இத்தனை சதவீதம்’. குறிக்கோள் பத்தியை அடித்துவிடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை. அதற்குக் கீழே, கல்வி அட்டவணைக்கும் மேலே, ‘ஒர்க்ஷாப் மற்றும் லேப் பயிற்சி’ என்று ஒரு பகுதி. முன்பு சொன்ன ஜாப் அங்கே இப்படி வரும்:

சென்டர் லேத்: மைல்ட் ஸ்டீல் ஸ்டெப்–டேப்பர் ஷாஃப்ட், Ø32 × 85 கம்பியிலிருந்து. Ø24 ±0.05, கிடைத்தது 23.97, மைக்ரோமீட்டரால் அளந்தது. டேப்பர் காம்பவுண்ட் ரெஸ்ட் முறையில்.

‘லேத் ஆபரேஷனில் நல்ல அறிவு’ என்ற வரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ‘நல்ல அறிவு’ வரியை யாரும் எழுதலாம்.

மணிக்கணக்கு எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். எழுதலாம், ஆனால் கவனமாக. வாரத்துக்கு நாலு பீரியட், செமஸ்டருக்குப் பதினாறு வாரம் என்றால் 64 பீரியட். அது டைம்டேபிளின் கணக்கு. ஒரு லேத்துக்கு நாலு பேர் நின்றிருந்தால் உங்கள் கை ஹேண்டிலில் இருந்தது அதில் கால் பங்குதான். ‘64 பீரியட் லேப்’ என்று எழுதினால் அது உண்மை. ‘64 மணி நேர லேத் அனுபவம்’ என்று எழுதினால் அது பொய், ஷாப்பில் இருபது வருடம் இருந்தவருக்கு அது பார்த்தவுடனேயே தெரியும். சிஎன்சியும் அப்படித்தான். பல கல்லூரிகளில் பெரும்பாலான நேரம் சிமுலேட்டரில் போகும், மெஷினில் ஒரு ஜாப் மட்டும் ஓடும். ‘சிமுலேட்டரில் புரோகிராம் எழுதிச் சரிபார்த்தேன், டிரெய்னிங் லேத்தில் ஒரு ஜாப் ஓட்டினேன்’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருநாள் கம்பெனி சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததை ‘இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங்’ என்று எழுத வேண்டாம். அது இன்டஸ்ட்ரியல் விசிட். இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தால் எத்தனை நாள், எந்த டிபார்ட்மென்ட், என்ன பார்த்தீர்கள் என்று தனியாக எழுதுங்கள். ஐடிஐ முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் தங்கள் டிரேடையும் சான்றிதழையும் கல்விப் பகுதியில் முதலிலேயே காட்ட வேண்டும். டர்னர் அல்லது ஃபிட்டர் டிரேடும் அதற்குமேல் டிப்ளமோவும் இருப்பவர் மெஷின் ஷாப்புக்கு மிகவும் பிடித்த ஆள். இதைப் பலர் ஏதோ குறையைப் போல மறைக்கிறார்கள், ஏனென்றுதான் புரியவில்லை.

புராஜெக்ட் பற்றி ஒரு எச்சரிக்கை

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைக் கடையில் வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள். நியூமேட்டிக் வைஸ், மோட்டார் வைத்த ஜாக், தானாக எரியும் இண்டிகேட்டர் என்று வருடா வருடம் அதே பெயர்கள். இன்டர்வியூ எடுப்பவர் இதையெல்லாம் நூறு முறை பார்த்தவர். அவர் கேட்கும் கேள்வி சுலபமானது: ‘இதுல நீங்க பண்ணின பார்ட் எது?’ ஆறு பேர் சேர்ந்து செய்ததில் நீங்கள் செய்தது ஒரு பேஸ் பிளேட்டுக்கு நாலு ஓட்டை போட்டதுதான் என்றால், அதை அளவோடு சொல்லுங்கள்: என்ன டிரில், ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், மார்க்கிங் எப்படிச் செய்தீர்கள், அசெம்பிளியில் போல்ட் நுழைந்ததா, நுழையாவிட்டால் என்ன செய்தீர்கள். வாங்கிய சிலிண்டரின் சிறப்புகளைச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ரெஸ்யூமேயிலும் புராஜெக்ட் தலைப்புக்குக் கீழே ‘என் பங்கு’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

இன்டர்வியூ அறையில்

மெஷின் ஷாப் இன்டர்வியூவில் மேஜைமேல் ஒரு பீஸும் ஒரு மைக்ரோமீட்டரும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பேச்சு இப்படிப் போகும்:

“தம்பி, இந்த ஷாஃப்ட்ட அளந்து சொல்லுங்க. டிராயிங் 19.95-லேர்ந்து 20.00.”

“சார், முதல்ல ஜீரோ செக் பண்ணிக்கிறேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்தச் சோதனையே. மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களையும் துடைத்து, மூடி, ராட்செட்டை மூன்று கிளிக் விட்டுப் பாருங்கள். திம்பிளின் பூஜ்யக் கோடு நேராக நிற்காமல் மூன்றாவது கோடு நின்றால் பிளஸ் 0.03 ஜீரோ எரர். இப்போது ஷாஃப்ட்டில் ஸ்லீவ் 19.5, திம்பிள் 47, ஆக 19.97 காட்டுகிறது. அப்படியே சொன்னால் பீஸ் பாஸ். ஜீரோ எரரைக் கழித்தால் 19.94, பீஸ் ரிஜெக்ட். சில இடங்களில் ஜீரோ தள்ளிய மைக்ரோமீட்டரை வேண்டுமென்றே வைப்பார்கள். திம்பிளைப் பிடித்து இறுக்குவது, ஷாஃப்ட்டின் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவது ஆகிய இரண்டு பழக்கங்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு முனை, நடு, பிறகு தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரு முறை அளந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிஎன்சி தெரியும் என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி ஆஃப்செட் பற்றியதாகவே இருக்கும்.

“வேண்டியது 24.00. பீஸ் 24.06 வருது. என்ன பண்ணுவீங்க?”

“அந்த டூலோட X வேர் ஆஃப்செட்ல மைனஸ் 0.06 சேர்ப்பேன் சார்.”

லேத்தில் X பொதுவாக விட்டக் கணக்கு, அதனால் 0.06 முழுசாக. மேனுவல் லேத்தில் டூல் நகர்வைக் காட்டும் டயலாக இருந்தால் இதையே 0.03 என்றுதான் திருப்பியிருப்பீர்கள். இந்த வித்தியாசத்தை நீங்களே எடுத்துச் சொன்னால், ஒர்க்ஷாப்பில் நின்றதையும் சிஎன்சியில் கற்றதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு வரும் கேள்விதான் ஆளைப் பிரிப்பது: “போட்டீங்க. அடுத்த பீஸ் 24.10 வருது. ஏன்?”

ஃபானுக் கன்ட்ரோலில் ஆஃப்செட் பக்கத்தில் `INPUT`, `+INPUT` என்று இரண்டு சாஃப்ட்கீ உண்டு. முதலாவது பழைய மதிப்பை அழித்துப் புதியதை எழுதும், இரண்டாவது பழையதோடு கூட்டும். வேர் ஆஃப்செட்டில் ஏற்கெனவே −0.10 இருந்திருக்கிறது என்று வையுங்கள். −0.06 என்று அடித்து `INPUT` அழுத்தினால் அது −0.10-லிருந்து −0.06 ஆகிறது, டூல் 0.04 வெளியே வந்துவிடுகிறது, 24.06 இருந்த பீஸ் 24.10 ஆகிறது. `+INPUT` அழுத்தியிருந்தால் −0.16 ஆகி 24.00 வந்திருக்கும். ஒருவேளை அளவு கொஞ்சமும் மாறாமல் 24.06-லேயே நின்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். புரோகிராமில் `T0202` என்றிருக்க நீங்கள் முதலாவது வரிசையில் திருத்தியிருக்கலாம். கடைசி இரண்டு இலக்கம்தான் ஆஃப்செட் எண்.

கல்லூரி லேபில் இந்தப் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்திருந்தால்தான் இதெல்லாம் வாயில் வரும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் லேபைவிட்டு வெளியே வருவதற்கு முன் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு ஆஃப்செட் பக்கத்தைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

தெரியாத கேள்வி வரும்போது, அருகில் உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். ‘கிரைண்டிங் வீல் கிரேடு எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?’ என்றால், ‘நான் கிரைண்டிங்கில் சர்ஃபேஸ் கிரைண்டரில் ஒரு பிளேட் மட்டும் செய்தேன், வீல் மாற்றியதில்லை. கடினமான மெட்டீரியலுக்கு மென்மையான கிரேடு வீல் என்று படித்திருக்கிறேன்’ என்பது நல்ல பதில். செய்தது எது, படித்தது எது என்று பிரித்துச் சொல்பவரை நம்பி மெஷினைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றும். ஷாப்பில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவரால்தான் சக் ஜாவில் டூல் மோதும்.

‘ஏன் பி.இ. படிக்கல?’

இந்தக் கேள்வி வந்தே தீரும். வீட்டுக் கஷ்டத்தை நீளமாகச் சொல்லத் தேவையில்லை, பி.இ. படித்தவர்களுக்குக் கைவேலை தெரியாது என்று வாதாடவும் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவரே பி.இ.யாக இருக்கலாம். கேட்பவரின் கவலை பெரும்பாலும் வேறு: நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர வழி இருப்பதால், பயிற்சி கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் ஆள் போய்விடுவாரோ என்பதுதான்.

அதனால் திட்டத்தை நேராகச் சொல்லிவிடுங்கள். இப்போதைக்குப் படிக்கப் போவதில்லை என்றால் அப்படியே சொல்லலாம். படிக்கும் எண்ணம் இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ. தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் உண்டு, அதற்கு டிரெய்னி காலம் முடிந்தபின் கம்பெனி அனுமதியோடுதான் போவேன் என்று சொல்லலாம். இந்த வருடக் கவுன்சலிங்குக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டு ‘படிக்கமாட்டேன்’ என்று சொல்வது மட்டும் வேண்டாம். ஜூலையில் நீங்கள் போய்விட்டால், அடுத்த வருடம் உங்கள் கல்லூரி ஜூனியர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

‘மூன்று வருடத்தில் என்ன கற்றீர்கள்?’ என்பது அதே கேள்வியின் இன்னொரு வடிவம். பாடப் பெயர்களை அடுக்காமல் முன்பு தயார் செய்த மூன்று ஜாப்களில் ஒன்றை எடுத்து, மெட்டீரியலில் தொடங்கி இறுதி அளவு வரை ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள், வேண்டுமென்றால் அவர்களே தோண்டுவார்கள். தமிழில் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசுவதில் தவறில்லை. ஆனால் டிராயிங்கில் உள்ள சொற்களை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவை அங்கே வேறு எந்த மொழியிலும் இருக்காது.

அரியரும் சான்றிதழும்

அரியர் இருந்து முடித்திருந்தால் எந்தப் பாடம், எந்தத் தேர்வில் முடித்தீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லத் தயாராக இருங்கள். முடியாத அரியர் இருந்தால் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலைக் கேட்டால், அதில் எல்லாம் தெரியும். டிப்ளமோ சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும் என்பது கம்பெனிகளுக்கும் தெரியும், புரொவிஷனல் சான்றிதழ் அதுவரை போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் டிப்ளமோவிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாறியிருந்தால் சரிசெய்ய நாளாகும்.

கடைசியாக, கையில் வரும் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். ‘டெக்னீஷியன் அப்ரண்டிஸ்’ என்று இருந்தால் அது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வரும் ஒரு வருடப் பயிற்சி ஒப்பந்தம். அதற்கு ஸ்டைபண்ட் உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்று அதற்குப் பொருளில்லை. ‘டிரெய்னி’ என்று நியமனக் கடிதம் வந்தால் பயிற்சிக் காலம் எவ்வளவு, அதன்பின் எந்தப் பதவியில் உறுதி செய்வார்கள், நடுவில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு இருக்கிறதா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அப்ரண்டிஸாக ஒரு வருடம் முடித்தவர்கள் அடுத்த விண்ணப்பத்தில் அதை லேப் பயிற்சியோடு கலக்காமல், மேலே தனித் தலைப்பில் காட்டுங்கள்: எந்த லைன், எந்த மெஷின், எந்தப் பார்ட், ஷிஃப்ட்டுக்கு எத்தனை பீஸ். இதையும் லேத் ஜாபை எழுதிய அதே முறையில் எழுதலாம். கிடைத்த அளவுக்குப் பதிலாக, உங்கள் ஷிஃப்ட்டில் எந்த ரிஜெக்ஷன் அடிக்கடி வந்தது, அதன் காரணம் என்ன என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.